லேப்டாப் யாருடையது?

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் இருக்கிறது வேப்பந்தட்டை. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகிற வட்டாரம். பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்துக்கு ரயில் இல்லை. சென்னையில் வேலை என்றால் பேருந்து ஏறிப் போய் வாடகைக்கு அறை எடுத்துத் தங்க வேண்டும். 2020-க்குப் பிறகு இந்த நிலைமை கொஞ்சம் மாறியது. சென்னையிலோ திருச்சியிலோ இருக்கும் சிறு மென்பொருள் நிறுவனத்துக்கு இப்படியொரு ஊரின் வீட்டு மாடியிலிருந்தே நிரல் எழுதலாம் என்பது நடைமுறையாயிற்று. ஆனால் அந்த ஏற்பாட்டின் விதிகள் என்னவென்று கேட்டால், பெரும்பாலான சிறு நிறுவனங்களிடம் எழுத்தில் எதுவும் இருக்காது. இருந்தாலும், ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தின் கையேட்டிலிருந்து எடுத்த வரிகளாக இருக்கும். வேலை நேரம் ஒரு தாளில், கருவிகள் இன்னொன்றில், தரவுப் பாதுகாப்பு மூன்றாவதில், செலவுக் கணக்கு கணக்காளரின் தலையில். இந்த நான்கும் ஒரே கேள்வியின் நான்கு முகங்கள் என்பதும், அவற்றை எந்த வரிசையில் எழுதுகிறோம் என்பதிலேயே விதி நிற்குமா விழுமா என்பது அடங்கியிருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வீட்டிலிருந்து வேலை செய்வதற்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. சேவைத் துறைக்கான மாதிரி நிலையாணைகளின் வரைவை 2020 டிசம்பர் 31 அன்று மத்திய தொழிலாளர் அமைச்சகம் வெளியிட்டபோது, வீட்டிலிருந்து வேலை பற்றி அதில் ஒரு கூறு இடம்பெற்றது. நியமன நிபந்தனைக்கோ இருதரப்பு உடன்பாட்டுக்கோ உட்பட்டு முதலாளி அனுமதிக்கலாம் என்பதே அதன் சாரம். அதாவது, பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று சட்டம் ஒதுங்கிக்கொள்கிறது. வேலை நேரத்துக்குத் தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. தரவுக்கு 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவும் இருக்கின்றன. செலவுக்கு வருமான வரி, ஜிஎஸ்டி விதிகள். இவற்றில் எதுவும் வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. ஆகவே நிறுவனமும் ஊழியரும் கையெழுத்திடும் அந்த இரண்டு மூன்று பக்கத் தாள்தான் நடைமுறையில் சட்டமாக நிற்கப்போகிறது.

வீட்டிலிருந்து வேலை நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கு ஆய்வுகள் ஒரே விடை தரவில்லை. டேவிட் ஆட்கின், அன்டோனெட் ஷோர், சுமித் ஷிண்டே ஆகியோர் சென்னையில் தரவு உள்ளீட்டு ஊழியர்களைக் குலுக்கல் முறையில் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் பிரித்து ஆராய்ந்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டிலிருந்தவர்களின் உற்பத்தித் திறன் 18 விழுக்காடு குறைவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. மீதி, அலுவலகத்தில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்தது. ஆசியாவின் பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பற்றி கிப்ஸ், மெங்கல், சீம்ராத் செய்த ஆய்வில், 2020-இல் வீட்டுக்குப் போனபின் வேலை நேரம் கூடியது, விளைவு கூடவில்லை. கூட்டங்கள் பெருகி, இடையூறின்றி வேலை பார்க்கும் நேரம் சுருங்கியதே காரணமாகத் தெரிந்தது. மறுபக்கம், சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து நடத்தி 2024-இல் நேச்சர் இதழில் வெளியான சோதனையில், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்தவர்களின் செயல்திறன் குறையவில்லை, வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். மூன்றும் மூன்று விதமான வேலை, மூன்று விதமான ஏற்பாடு. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. அலுவலகம் என்பது வெறும் இடம் இல்லை. கேட்காமலே கிடைக்கும் பல வசதிகளின் தொகுப்பு. மின்சாரம், இணையம், பூட்டு, காவல், பக்கத்து மேசையில் கேட்டால் கிடைக்கும் விடை, ஆறு மணிக்கு எழுந்து போகலாம் என்ற குறிப்பு. வீட்டுக்குப் போகும்போது இவை தாமாகக் கூடவே வருவதில்லை. எதை யார் தருவது என்று எழுதாவிட்டால், எல்லாம் ஊழியர் தலையில் சத்தமில்லாமல் இறங்கிவிடும்.

இந்த இடத்தில் ஜோஹோவின் தென்காசி முயற்சியை முன்னுதாரணமாகச் சொல்வார்கள். ஸ்ரீதர் வேம்பு மத்தளம்பாறைக்கே போய்த் தங்கியதும், அந்த வட்டாரத்தில் நிறுவனம் வளர்ந்ததும் எல்லோரும் அறிந்தவை. ஆனால் அங்கே நடந்தது அலுவலகத்தைக் கிராமத்துக்குக் கொண்டுபோனது. கட்டடம், ஜெனரேட்டர், இணைய இணைப்பு, காவல் எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. பன்னிரண்டு பேர் கொண்ட நிறுவனத்தால் வேப்பந்தட்டையில் இருக்கும் ஒரே ஓர் ஊழியருக்காக இதைச் செய்ய முடியாது. எனவே அவர்களுக்குத் தேவை வேறு வகை விதி. ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். தனியார் மருத்துவமனைகளுக்கு முன்பதிவு, பில் மென்பொருள் செய்து தரும் பன்னிரண்டு பேர் நிறுவனம். கற்பனைதான், ஆனால் இந்த அளவில், இந்தத் தொழிலில் நிறுவனங்கள் உண்டு. நோயாளிகளின் பெயர், தொலைபேசி எண், எந்த மருத்துவரை எதற்காகப் பார்த்தார்கள் என்ற விவரம் எல்லாம் அதன் தரவுத்தளத்தில் இருக்கும். ஒரு நிரலாளர் வேப்பந்தட்டையில் தன் வீட்டிலிருந்து வேலை செய்கிறார். அவருக்கான விதியை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

பெரும்பாலோர் வேலை நேரத்திலிருந்து தொடங்குகிறார்கள். ஆள் கண்ணில் படாததால் முதலில் வரும் கவலை அதுதான். ஆனால் தொடங்க வேண்டிய இடம் கருவி: அவர் வேலை செய்யும் லேப்டாப் யாருடையது? இதற்கு லாஸ்ட்பாஸ் நிறுவனத்துக்கு 2022-இல் நேர்ந்ததைவிடத் தெளிவான சான்று இல்லை. கடவுச்சொற்களைப் பாதுகாப்பதே அந்த நிறுவனத்தின் தொழில். அதன் காப்பு நகல்களைத் திறக்கும் சாவிகளை அணுகக்கூடிய பொறியாளர்கள் நான்கே பேர். அவர்களில் ஒருவரின் வீட்டுக் கணினியைத்தான் ஊடுருவியவர்கள் குறிவைத்தார்கள். அதில் திரைப்படம் பார்க்க நிறுவியிருந்த ஒரு மென்பொருளில் ஓட்டை இருந்தது. அது பிளெக்ஸ் என்று பிறகு தெரியவந்தது. அந்த ஓட்டையை 2020 மே மாதமே அடைத்துவிட்டோம் என்றது பிளெக்ஸ். பொறியாளர் புதிய பதிப்புக்கு மாறவேயில்லை. அந்த வழியாக விசைப்பதிவுத் திருடனை நுழைத்து, அவர் தட்டச்சு செய்த முதன்மைக் கடவுச்சொல்லைப் பிடித்து, நிறுவனத்தின் பெட்டகத்தையே திறந்துவிட்டார்கள். வாடிக்கையாளர்களின் காப்பு நகல்கள் வெளியே போயின. இதில் கவனிக்க வேண்டியது, இரண்டடுக்குச் சரிபார்ப்பு அங்கே இருந்தது என்பதுதான். விதி இருந்தது, தொழில்நுட்பம் இருந்தது. ஆனால் வேலை நடந்த கணினி, நிறுவனம் கை வைக்க முடியாத வீட்டுக் கணினி. ஒருவருடைய சொந்தக் கணினியில் இந்தப் படம் பார்க்கும் மென்பொருளை வைக்காதே, இதை இன்றைக்கே புதுப்பி என்று எந்த உரிமையில் சொல்வது? தம்பி விளையாடுகிற, அப்பா கூட்டுறவுச் சங்கப் படிவம் அச்சிடுகிற அதே கணினியில் நோயாளிகளின் விவரமும் திறந்திருந்தால், காகிதத்தில் இருக்கும் பாதுகாப்பு விதிகள் அனைத்தும் வெறும் வேண்டுகோள்.

சிறு நிறுவனத்தால் ஆளுக்கொரு லேப்டாப் வாங்கித் தர முடியுமா என்பது நியாயமான மறுப்பு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வரி உட்பட 60,000 ரூபாய் லேப்டாப்பில் 18 விழுக்காடு ஜிஎஸ்டியின் பங்கு ஏறத்தாழ 9,150 ரூபாய். ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனம் தன் பெயரில் பில் வாங்கினால் அந்தத் தொகையை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். ஊழியர் வாங்கினால் அது போனதுதான். மிச்சத்தை நான்கு ஆண்டுகளுக்குப் பிரித்தால் மாதம் 1,060 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. சென்னையில் ஒரு மேசைக்குப் போகும் வாடகையில் இது சிறு பகுதி. நிறுவன லேப்டாப்பை ஊழியர் பயன்படுத்துவதை வருமான வரி விதிகள் அவருக்குக் கிடைத்த வரிக்குரிய சலுகையாகக் கணக்கிடுவதும் இல்லை. ஆனால் வாங்கும்போதே ஒரு தவறு நடக்கிறது. விலை குறைவு என்று விண்டோஸ் ஹோம் பதிப்புடன் வாங்கிவிடுகிறார்கள். வட்டு முழுவதையும் பூட்டும் பிட்லாக்கரை நிறுவனம் நிர்வகிக்க வேண்டுமானால் ப்ரோ பதிப்பு வேண்டும். பூட்டு உண்மையில் போடப்பட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கட்டளை போதும். நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில் இதை இட வேண்டும்:

```
manage-bde -status C:
```

வரும் விடையில் Protection Status என்ற வரிக்கு நேரே Protection On என்று இருந்தால் சரி. Protection Off என்றால், கடவுச்சொல் போட்டிருந்தாலும் வட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டிப் படித்துவிடலாம். லேப்டாப்பைக் கொடுக்கும் நாளில் இந்தத் திரையைப் படம் எடுத்து, கருவியின் வரிசை எண்ணோடும் மீட்புச் சாவியோடும் நிறுவனத்தின் பதிவில் வைத்துக்கொள்ள வேண்டும். மீட்புச் சாவியை ஊழியரிடம் மட்டும் விட்டுவைத்து, அவர் விலகிப் போன பிறகு தவிப்பது அடிக்கடி நடக்கும் கூத்து.

கருவி நிறுவனத்துடையது என்று ஆகிவிட்டால் தரவு விதிகள் சுருங்கிவிடும். எளிதாகவும் ஆகும். நோயாளிகளின் உண்மையான தரவு லேப்டாப்பில் இறங்கக் கூடாது. சோதனைக்குப் போலித் தரவு. சர்வருக்குள் நுழையும் சாவி ஆளுக்கொன்று. பொதுச் சாவி கிடையாது, அப்போதுதான் ஒருவர் விலகும்போது அவருடையதை மட்டும் ரத்து செய்ய முடியும். கடவுச்சொற்களும் சர்வர் சாவிகளும் வாட்ஸ்அப்பில் போகக் கூடாது. இந்த மூன்றாவதுதான் மிக அதிகமாக மீறப்படுவது. அவசரத்தில் ஒரு கோப்பை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார்கள். அது இரண்டு தொலைபேசிகளிலும் அவற்றின் காப்பு நகல்களிலும் வருடக்கணக்கில் கிடக்கும். வீட்டு வைஃபையைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. இன்றைக்கு ஏறக்குறைய எல்லா இணைப்பும் மறையாக்கம் செய்யப்பட்டே போகிறது. ரவுட்டரின் தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்வது போதும். அந்த நேரத்தை வாட்ஸ்அப் பழக்கத்தை ஒழிப்பதில் செலவிடலாம். வேப்பந்தட்டை போன்ற ஊர்களுக்கே உரிய இன்னொரு வாசலும் உண்டு: ஜெராக்ஸ் கடை. அச்சிட வேண்டுமென்றால் கடைக் கணினியில் மின்னஞ்சலையோ வாட்ஸ்அப் வெப்பையோ திறந்து கோப்பை எடுப்பார்கள். அதிலிருந்து வெளியேற மறந்தால் அடுத்து வருகிறவருக்கு எல்லாம் திறந்திருக்கும். ஏன் அச்சிடப் போகிறார் என்று பார்த்தால், பல நேரம் செலவுக் கோரிக்கைக்குப் பில்லின் நகல் கேட்டது நிறுவனமேதான். தொலைபேசியில் எடுத்த படமே போதும் என்று செலவு விதி மாறினால் இந்தப் பாதுகாப்பு ஓட்டை தானே அடைபடும். நான்கு விதிகளையும் ஒன்றாக எழுத வேண்டும் என்பதற்கு இது ஒரு நேரடிச் சான்று.

விதி உண்மையில் சோதிக்கப்படுவது ஏதாவது கெட்டுப்போகும்போது. நம் நிரலாளர் ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது லேப்டாப் பையைக் காணோம் என்று வைத்துக்கொள்வோம். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது செர்ட்-இன் உத்தரவு. அதில் தரவுக் கசிவும் அடங்கும். சிறு நிறுவனங்களுக்கு இதிலிருந்து விலக்கு இல்லை; 2022 செப்டம்பர் 25 வரை கூடுதல் அவகாசம் மட்டுமே கிடைத்தது. அப்படியானால் இரவு ஒன்பது மணிக்கு அவர் யாரைக் கூப்பிட வேண்டும்? கூப்பிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று பயந்து திங்கட்கிழமை வரை தேடிப்பார்த்தால் கெடு கடந்திருக்கும். ஆகவே விதியில் மூன்று வரிகள் கட்டாயம் இருக்க வேண்டும்: எந்த நேரத்திலும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண், உடனே சொன்னவரிடம் லேப்டாப்பின் விலையைக் கேட்க மாட்டோம் என்ற உறுதி, அவரது நுழைவுச் சாவிகளை அந்த இரவே ரத்து செய்யும் பொறுப்பு யாருடையது என்ற பெயர். அழைப்பு வந்ததும் நிறுவனம் முதலில் பார்க்க வேண்டியது அந்த Protection On படத்தைத்தான். வட்டு பூட்டப்பட்டிருந்து, நோயாளிகளின் தரவும் அதில் இல்லையென்றால் போனது ஒரு லேப்டாப். இல்லையென்றால் போனது பல மருத்துவமனைகளின் நம்பிக்கை. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. அந்தச் சட்டத்தின் முன் முதலில் நிற்பது மருத்துவமனை. அதன் சார்பில் தரவைக் கையாளும் மென்பொருள் நிறுவனத்தை ஒப்பந்தத்தின் மூலம்தான் அது பிடிக்கும். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் உங்கள் ஊழியர்கள் எந்தக் கணினியில் வேலை செய்கிறார்கள் என்ற கேள்வி மருத்துவமனையிடமிருந்தே வரும்.

இனி வேலை நேரம். 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். மிகைநேரம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54. மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, நிரலாளருக்குப் பொருந்தும். அலுவலகத்தில் இதைக் கதவு காப்பாற்றியது. வீட்டில் காப்பாற்ற எதுவும் இல்லை. சிக்கல் எங்கே வருகிறது என்பதற்கு அமெரிக்க வாடிக்கையாளர் நல்ல உதாரணம். நியூ ஜெர்சியில் காலை 9 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் மாலை 6.30. மார்ச் இரண்டாம் ஞாயிறிலும் நவம்பர் முதல் ஞாயிறிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது நம் மாலை ஒரு மணி நேரம் நகர்கிறது. காலை 9.30 மணிக்குக் குழுக் கூட்டம், இரவு 8.30 வரை வாடிக்கையாளர் அழைப்பு என்றால் ஒருவரின் நாள் 11 மணி நேரம் நீண்டுவிடுகிறது, அதில் எட்டு மணி நேரமே வேலையாக இருந்தாலும். மேலே சொன்ன ஆசிய நிறுவன ஆய்வில் நேரம் வீணானதும் இப்படித்தான்: வேலை கூடவில்லை, சிதறியது. எனவே விதி மொத்த மணி நேரத்தை மட்டும் சொல்லாமல், எல்லோரும் கட்டாயம் இணைப்பில் இருக்க வேண்டிய பொது நேரத்தைக் குறுகலாக வைக்க வேண்டும். காலை 11 முதல் பிற்பகல் 3 வரை போதும். கூட்டங்களெல்லாம் அதற்குள். மாலை அழைப்பு இருக்கும் நாளில் அன்றைய தொடக்கம் தானாகவே தள்ளிப்போகும் என்றும் எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கவைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு இது போதாது. சென்னை ஆய்வில் இழப்பின் ஒரு பகுதி கற்றல் மெதுவானதால் வந்தது. ஆகவே முதல் சில மாதங்கள் அவருக்கு நாள்தோறும் ஒரு மூத்தவரோடு சேர்ந்து நிரல் எழுதும் நேரம் ஒதுக்கப்பட வேண்டும், அது இருவருக்கும் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும்.

கிராமப்புறத்துக்கே உரிய இன்னொரு கேள்வி மின்தடை. துணை மின் நிலையத்தில் பராமரிப்புப் பணி என்று முன்கூட்டியே அறிவித்து, காலை 9 மணியிலிருந்து மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாள் தமிழ்நாடு முழுவதும் பழக்கமானது. வீட்டில் 150 ஆம்பியர்-மணி பேட்டரியுடன் இன்வெர்ட்டர் இருந்தால், இழப்புகள் போக ஏறத்தாழ 1,150 வாட்-மணி நேரம் கிடைக்கும். லேப்டாப், மின்விசிறி, ரவுட்டர் மூன்றுக்கும் சேர்த்து 145 வாட் என்றால் எட்டு மணி நேரம் ஓடும். புது பேட்டரிக்குத்தான் இந்தக் கணக்கு. மூன்று நான்கு ஆண்டு ஓடியதில் பாதிகூட வராது. அதோடு, வீட்டு ரவுட்டர் எரிந்துகொண்டிருந்தாலும் ஊரின் கேபிள்காரரிடம் இருக்கும் கருவிக்கு மின்சாரம் இல்லையென்றால் இணையம் வராது. அப்போது மொபைல் டேட்டாதான் வழி, அதுவும் கோபுரத்தின் பேட்டரி நிற்கும்வரை. ஆகவே அறிவிக்கப்பட்ட மின்தடை நாளில், இணையம் இல்லாமல் செய்யக்கூடிய வேலையை முதல் நாளே லேப்டாப்பில் எடுத்து வைத்துக்கொள்வது, அல்லது அந்த நாளை வேறொரு நாளோடு மாற்றிக்கொள்வது என்று இரண்டில் ஒன்றை ஊழியர் தேர்வு செய்யலாம் என விதி சொல்ல வேண்டும். விடுப்பாகக் கழிக்கக் கூடாது. சென்னை அலுவலகத்தில் மின்சாரம் போனால் யாருக்கும் விடுப்பு கழிப்பதில்லை.

இவ்வளவு நம்பினால் ஏமாற்ற மாட்டார்களா, திரையைப் படம் பிடிக்கும் கண்காணிப்பு மென்பொருள் போட்டால் என்ன என்பது முதலாளிகளிடம் வரும் மறுப்பு. அந்தக் கவலையைப் பொய் என்று தள்ள முடியாது. 18 விழுக்காடு இழப்பைச் சென்னை ஆய்வே காட்டுகிறது. ஆனால் அது தரவு உள்ளீட்டு வேலை; எத்தனை எழுத்து, எத்தனை பிழை என்று எண்ணிவிடலாம். நிரலாளரின் வேலையைச் சுட்டியின் அசைவு அளக்காது. யோசித்துக்கொண்டிருப்பவர் சோம்பேறியாகவும், சுட்டியை அசைக்கும் கருவி வைத்திருப்பவர் உழைப்பாளியாகவும் தெரிவார். அதைவிடப் பெரிய சிக்கல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையை எடுக்கும் படத்தில் நோயாளியின் பெயரும் நோயும் சேர்ந்தே பதிவாகி, மூன்றாம் நிறுவனத்தின் சர்வரில் போய் உட்காரும். ஊழியரைக் கண்காணிக்கப் போட்ட மென்பொருளே தரவுக் கசிவாகிறது. பன்னிரண்டு பேர் நிறுவனத்தில் யார் என்ன முடித்தார் என்பதை வாரந்தோறும் சேர்க்கப்பட்ட நிரலையும் மூடப்பட்ட பணிகளையும் பார்த்தே சொல்லிவிடலாம். அதுவும் தெரியவில்லை என்றால் குறை வேலையைப் பிரித்துக் கொடுத்த விதத்தில் இருக்கிறது.

கடைசியாகச் செலவு. அவர் வீட்டில் எப்படியும் இணையம் இருக்கிறது, அதற்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்குக் கலிஃபோர்னியா நீதிமன்றம் 2014-இல் ஒரு விடை சொன்னது. கோக்ரன் என்பவருக்கும் ஷ்வான்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், சொந்த மொபைலை வேலைக்குப் பயன்படுத்தச் சொன்னால், அதனால் ஊழியருக்குக் கூடுதலாக ஒரு காசு செலவாகாவிட்டாலும், கட்டணத்தில் நியாயமான ஒரு பங்கை நிறுவனம் தந்தாக வேண்டும் என்றது. இல்லையென்றால் நிறுவனத்தின் இயக்கச் செலவு ஊழியருக்கு மாற்றப்படுகிறது என்பது தர்க்கம். அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது, தர்க்கம் செல்லும். மின்சாரத்தில் அந்த மாற்றம் கண்ணுக்கே தெரியும். மானிட்டரும் சேர்த்து 170 வாட், நாளுக்கு 9 மணி நேரம், மாதம் 22 நாள் என்றால் இரண்டு மாதத்துக்கு 67 யூனிட். பார்க்கச் சின்னத் தொகை. ஆனால் நமது வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை படிநிலையாகக் கணக்கிடப்படுவது. அண்மை ஆண்டுகளின் அட்டவணைப்படி 500 யூனிட் எல்லையைத் தாண்டினால், தாண்டியதற்கு மட்டுமின்றிக் கீழே இருக்கும் யூனிட்டுகளின் சலுகை விலையும் மாறிவிடும். முன்பு 450 யூனிட் ஆன வீடு இப்போது 517 ஆனால், அந்த 67 யூனிட்டின் சுமை அதன் விலையைவிடப் பெரியது. கோடையில் பகலெல்லாம் ஏசி ஓட வேண்டிய மாடி அறை என்றால் இன்னும் கூடும்.

இதைப் பில் வைத்துத் திருப்பித் தருவதா, மாதம் ஒரு நிலையான தொகையாகத் தருவதா? வரிக் கண்ணோட்டத்தில், வேலைக்காகச் செய்த செலவைப் பில்லுக்கு எதிராகத் திருப்பித் தருவது சம்பளமாகாது. நிலையான படி சம்பளத்தில் சேரும். அதனால் கணக்காளர்கள் பில் கேட்பார்கள். ஆனால் வீட்டு மின் பில்லில் அலுவலகப் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. மின் இணைப்பு பெரும்பாலும் அப்பா பெயரில் இருக்கும். கேபிள்காரர் தரும் ரசீதில் ஜிஎஸ்டி எண் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ளவருக்கு வரிக் கழிவு கிடைப்பதால், சிறு நிறுவனத்தின் இளைய ஊழியருக்கு அந்தப் படிமேல் வரியே வராமல் போகலாம். ஆகவே மின்சாரத்துக்கும் இணையத்துக்கும் சேர்த்து ஒரு நிலையான தொகை, பில் இல்லாமல், சம்பளத்தோடு. பேட்டரி மாற்றுதல், நாற்காலி, பயணம் போன்ற பெரிய செலவுக்கு முன் அனுமதியும் பில்லும். இப்படி இரண்டாகப் பிரிப்பதே நடைமுறைக்கு ஏற்றது. பெரிய பில் நிறுவனத்தின் பெயரிலும் ஜிஎஸ்டி எண்ணோடும் இருக்கட்டும். கோரிக்கை தந்த மாதச் சம்பளத்தோடு பணம் வந்துவிட வேண்டும். மூன்று மாதம் கழித்துத் திருப்பித் தரும் நிறுவனம், ஊழியரிடம் வட்டியில்லாக் கடன் வாங்குகிறது. அப்படித் தாமதமாகும் இடத்தில்தான் ஊழியர் கெட்டுப்போன பேட்டரியை மாற்றாமல் ஓட்டுவார். அடுத்த மின்தடையில் பாதி நாள் போகும்.

இத்தனை விதி பெரிய நிறுவனத்துக்குச் சரி, பன்னிரண்டு பேருக்குள் பேசிக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். பேசிக்கொண்டது அலுவலகத்தில் இருந்தவரைதான் போதும். அங்கே பேச்சின் இடைவெளியைக் கட்டடமும் கடிகாரமும் நிரப்பின. ஊர் வீட்டில் இருப்பவருக்கு, கேட்கத் தயங்கிய ஒவ்வொன்றும் தன் செலவாகவும் தன் பயமாகவும் மாறுகிறது. மேலே சொன்னவை அனைத்தும் மூன்று பக்கத்துக்குள் அடங்கும். எழுதும்போது வரிசை மட்டும் மாறக் கூடாது: முதலில் நிறுவனத்தின் பெயரில் பூட்டிய லேப்டாப், அதன்மேல் தரவு விதி, பிறகு குறுகலான பொது நேரமும் மின்தடை நாளின் ஏற்பாடும், இவற்றுக்கு ஆகும் செலவைச் சம்பளத்தோடு தரும் கடைசி விதி. முதலாவதைத் தர முடியாத நிறுவனம் மருத்துவமனைத் தரவைத் தொடும் வேலையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஊரிலிருந்து வேலைக்குச் சேரப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: நியமனக் கடிதத்தில் சம்பள எண்ணைப் பார்த்த கையோடு, லேப்டாப் யாருடையது என்ற வரியையும் தேடிப் பாருங்கள். அந்த வரி இல்லையென்றால், கையெழுத்திடும் முன் கேட்டு எழுதி வாங்குங்கள்.